ஒரே கம்பெனி, நாலு பதவி: ரெஸ்யூம்ல எப்படிப் போடறது? அவசரம்

மணலி_பையன்: 9 வருஷம் ஒரே இடம், நாலு பதவி. ரெஸ்யூம் பார்க்கிறவங்க ஒரே வேலையை இழுத்துட்டிருந்த மாதிரி நினைக்கிறாங்க. நாளைக்குள்ள அனுப்பணும்.

ராயபுரம்_ரவி: எந்தத் துறை? என்னென்ன பதவி? வருஷம் போடாம எப்படிச் சொல்றது?

கடலோரக்_கவிதா: கம்பெனி பேரை நாலு தடவை தனித்தனியா போடுங்க, அதான் கண்ணுல படும்.

தண்டையார்பேட்டை_சார்: நூறு தடவை பேசியாச்சு, தேடிப் பாத்துட்டுக் கேக்கக் கூடாதா? நாலு தடவை போட்டா, மேலோட்டமா பார்க்கிறவர் கண்ணுக்கு நாலு கம்பெனி தாவினவர் மாதிரி தெரியும்.

மணலி_பையன்: கன்டெய்னர் யார்டு. டேலி கிளர்க் 2016, டாக்குமென்ட் பிரிவு 2018, ஷிப்ட் இன்சார்ஜ் 2020, உதவி மேலாளர் 2023.

எண்ணூர்_அக்கா: தம்பி, கம்பெனி பேரும் மொத்தக் காலமும் மேல ஒரே தடவை. கீழே பதவிகள், புதுசு முதல்ல, ஒவ்வொண்ணுக்கும் மாசம்-வருஷம். உங்க தப்பு வேற இடத்துல இருக்கும்னு நினைக்கிறேன்: நாலு பதவிக்கும் "கேட்-இன், கேட்-அவுட் கவனித்தேன்"னு ஒரே வரி போட்டிருப்பீங்க. பொறுப்பு கூடினதைக் காட்ட ஒரே அளவுகோலைப் பிடிங்க: எத்தனை ஆள், எத்தனை ஷிப்ட், யார் கையெழுத்து. டேலி கிளர்க்னா சரக்கை எண்ணி ஷீட் எழுதினது, ஒரு வரி போதும். இன்சார்ஜுக்கு, ஒரு ஷிப்ட்ல உங்களுக்குக் கீழ எத்தனை பேர், சீல் உடைஞ்சிருந்தா யாருக்குச் சொல்லணும்னு முடிவெடுத்தது நீங்களா. இப்போதைய பதவிக்கு நாலஞ்சு வரி: எத்தனை ஷிப்ட், டிரெய்லர் காண்ட்ராக்டர் பில்லுக்கு யார் ஒப்புதல். கவிதா சொன்னதும் பாதி சரி. வேலை தேடும் தளத்து ஃபார்ம்ல பதவிக்கு ஒரு பதிவுன்னு கேட்டா அப்படியே நிரப்புங்க. ரெஸ்யூம்ல வேண்டாம்.

பெரம்பூர்_குமார்: பதவி உயர்வு கேட்டு மேனேஜருக்கு எப்படி மெயில் எழுதறதுன்னும் சொல்லுங்களேன், எனக்கும் 3 வருஷமா இழுக்குது.

ராயபுரம்_ரவி: குமார், அது வேற இழை. மணலி, 2016லேருந்தே கம்பெனி ரோல்லதானா?

மணலி_பையன்: முதல் 2 வருஷம் காண்ட்ராக்ட் ஏஜென்சி பேர்ல சம்பளம். வேலை அதே யார்டுதான்.

எண்ணூர்_அக்கா: இதை முதல்லயே சொல்லக்கூடாதா! பி.எஃப். சேவை விவரத்துல அந்தக் காலத்துக்கு ஏஜென்சி பேர்தான் இருக்கும், அதோட ஒத்துப் பார்த்தா இடிக்கும். 2016–18ஐத் தனியா, ஏஜென்சி பேரும் "இன்ன யார்டில் பணி"ன்னும் போடுங்க. கம்பெனி காலம் 2018லேருந்து. பதவி மாற்றக் கடிதங்களையும் எடுத்து, அதுல இருக்கிற பேரையே எழுதுங்க.

தண்டையார்பேட்டை_சார்: அப்புறம் ஒரே பக்கத்துல அடக்குங்க.

கடலோரக்_கவிதா: 9 வருஷத்துக்கு ரெண்டு பக்கம் தாராளமா போகலாம் சார்.

தண்டையார்பேட்டை_சார்: ரெண்டாவது பக்கத்தை யார் புரட்டுறாங்க?

கடலோரக்_கவிதா: முதல் பக்கம் நல்லா இருந்தா புரட்டுவாங்க.

மணலி_பையன்: ஏஜென்சியைத் தனியா பிரிச்சிட்டேன். 2020 இன்சார்ஜ் பதவிக்குக் கடிதமே தரல, வாய்மொழிதான். அதை எப்படிப் போடறது?

ராயபுரம்_ரவி: சம்பளச் சீட்டுல பதவி பேர் என்ன இருக்கு?