போரிக் ஆசிட்டை அள்ளிக் கொட்டினேன், கரப்பான் சுற்றிக்கொண்டு போனது: டர்பன் சமையலறை அனுபவம்

சாட்ஸ்வொர்த் அக்கா

எங்கள் வீடு பழைய கட்டடம், பக்கத்து வீட்டோடு ஒரே சுவர். ஜனவரியில் ஸ்டவ்வுக்குப் பின்னாலிருந்து சின்னக் கரப்பான் வர ஆரம்பித்தது. தலைக்குப் பின்னால் இரண்டு கறுப்புக் கோடு இருக்குமே, அந்த ஜாதி. ஸ்பிரே அடித்தால் இரண்டு நாள் குறையும், அப்புறம் சாப்பாட்டு அறையில் தலைகாட்டும்.

யாரோ சொன்னார்கள் என்று அரைக் கிலோ போரிக் ஆசிட் வாங்கினேன். சிங்க்குக்குக் கீழேயும் சுவரோரமும் கோலமாவு மாதிரி விரல் கனத்துக்குக் கோடு இழுத்தேன். மூன்று வாரம் ஆயிற்று. ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தால் கோட்டை ஒட்டியே நடந்து, அது முடிகிற இடத்தில் திரும்பிப் போகிறது. சிங்க்குக்குக் கீழே போட்டது கட்டியாகிக் கிடக்கிறது. மருந்து போலியா, நான் போட்ட விதம் தப்பா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

டோங்காட் பெரியவர்

பூச்சி ஒழிப்பு வேலையில் 22 வருடம் இருந்தேன் அம்மா. மருந்து போலி இல்லை. நீங்கள் போட்டது அதிகம்.

கரப்பான் இந்தப் பொடியை விரும்பித் தின்னாது. மெல்லிய தூசு மேல் நடக்கும்போது காலிலும் மீசையிலும் ஒட்டும். அதற்கு மீசையை வாயில் இழுத்துச் சுத்தம் பண்ணுகிற பழக்கம் உண்டு. அப்போதுதான் பொடி வயிற்றுக்குள் போகிறது. செத்துப்போக சில நாள் முதல் ஒரு வாரத்துக்கு மேலும் ஆகும். குவியலாகக் கிடந்தால், நாம் மணல்மேட்டைச் சுற்றி நடப்பதுபோல அதுவும் சுற்றிப் போகும்.

நான் செய்த முறை இதுதான். காலியான தக்காளி சாஸ் பாட்டில், அமுக்கினால் அமுங்குகிற பிளாஸ்டிக். நன்றாகக் கழுவி, முழுக்கக் காயவைத்து, மூன்றில் ஒரு பங்கு மட்டும் பொடி போடுங்கள். உள்ளே காற்று இருந்தால்தான் தூசு புகை மாதிரி வரும். குலுக்கிவிட்டு, பாட்டிலின் மூக்கை இடுக்கில் வைத்து ஒரே ஒரு அமுக்கு. போட்ட இடம் வெள்ளையாகத் தெரிந்தால் அது அதிகம். விரலால் தடவினால் மட்டும் தெரிய வேண்டும். ஒரு சமையலறை முழுவதற்கும் மூன்று நான்கு தேக்கரண்டிக்கு மேல் செலவாகாது.

எங்கே போடுவது என்பதில்தான் வேலையே இருக்கிறது. அலமாரிக்கு அடியில் தரையை ஒட்டி ஒரு பலகை இருக்குமே, அதைக் கழற்றினால் உள்ளே இருட்டாக, காய்ந்து கிடக்கும். அதுதான் முதல் இடம். பிறகு ஸ்டவ்வுக்குப் பின்சுவர், குழாய் சுவருக்குள் நுழைகிற ஓட்டையின் உள்பக்கம், அலமாரியும் சுவரும் சேருகிற இடுக்கு. பாத்திரம் வைக்கிற தட்டு, சமைக்கிற மேடை, குழந்தை கை எட்டுகிற தரை எதிலும் வேண்டாம். மின்சாரப் பெட்டிக்குள் ஊதாதீர்கள்.

சிங்க்குக்குக் கீழே கட்டியானதென்றால் எங்கோ ஒழுகுகிறது. அதை அடைத்துத் துடைத்துக் காயவிட்ட பிறகு போடுங்கள். காய்ந்தே இருந்தால் மாதக்கணக்கில் வேலை செய்யும். போட்ட இடத்தில் மட்டும் ஸ்பிரே அடிக்காதீர்கள். ஸ்பிரே வாசனைக்குக் கரப்பான் அந்தப் பக்கமே வராது, அப்புறம் பொடியை எங்கே மிதிக்கும்?

பீனிக்ஸ் தம்பி

அண்ணா, எதற்கு ஆசிட் எல்லாம்? டயட்டம் மண் போடுங்கள் அக்கா. அது விஷமே இல்லை, வெறும் பாசி ஓட்டுப் பொடி, பூச்சியின் மேல்தோல் மெழுகை உறிஞ்சிக் காயவைத்துவிடும். நீச்சல்குளம் ஃபில்டருக்குப் போடுகிற மூட்டை என் வீட்டில் பாதி மீதி இருக்கிறது. அதைத்தான் கராஜில் தூவியிருக்கிறேன்.

டோங்காட் பெரியவர்

தம்பி, காயவைத்துக் கொல்லும் என்று சொன்னது சரி. ஆனால் குளத்து மூட்டையைத் தொடாதே. அதைச் சூளையில் சுட்டிருப்பார்கள். சுட்டதால் நுரையீரலைக் கெடுக்கிற படிக சிலிக்கா அதில் நிறைய உண்டாகிவிடும். பூச்சிக்கென்று விற்கிற சுடாத மண் வேறு சரக்கு. அதையுமே மூக்கு மூடாமல் ஊதக்கூடாது. கராஜில் போட்டதை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காமல், ஈரத்துணியால் துடைத்து எடு. N95 மாதிரி நல்ல மாஸ்க் போட்டுக்கொள்.

இன்னொன்று. காற்றில் ஈரம் இருந்தால் அந்த மண் சோம்பிவிடும். கடலோர டர்பனில் டிசம்பர் முதல் மார்ச் வரை எப்படி இருக்கும் என்று உனக்கே தெரியும். உள்நாட்டில் ஜோஹன்னஸ்பர்க் குளிர்காலத்தில் அது நன்றாக நிற்கும். இங்கே கூரைக்கு உள்ளே, சுவருக்குள் என்று உலர்ந்த இடத்துக்கு மட்டும் சரி. இந்தச் சமையலறைக் கரப்பானுக்கு நான் போரிக்கைத்தான் எடுப்பேன்.

மெரிபேங்க் அண்ணன்

எனக்குக் கட்டிலில் மூட்டைப்பூச்சி. போரிக் ஆசிட் இரண்டு டப்பா காலி, ஒன்றுகூடச் சாகவில்லை. அதனால் இந்த மருந்தையே நம்பாதீர்கள் அக்கா.

டோங்காட் பெரியவர்

மூட்டைப்பூச்சி ரத்தம் தவிர எதையும் வாயில் எடுக்காது தம்பி, பொடி வயிற்றுக்குப் போக வழியே இல்லை. உங்களுக்குத்தான் சுடாத டயட்டம் மண். கட்டில் சட்டத்தின் பிளவு, சுவரோரப் பலகைக்குப் பின்பக்கம் மெல்லியதாகப் போடுங்கள். மெத்தையில், படுக்கையில் வேண்டாம். அதுவும் வாரக்கணக்கில் ஆகும், தனியாக முழுசாக ஒழித்துவிடாது. துணிகளைச் சூடான டிரையரில் போட்டு எடுப்பதையும் சேர்த்துச் செய்யுங்கள்.

வெருலம் ஆண்ட்டி

மழைக்கு எங்கள் வராண்டாவில் சொங்கலோலோ என்கிற மரவட்டை ஏறுகிறது. அதற்கும் இதைத் தூவலாமா?

சாட்ஸ்வொர்த் அக்கா

ஆண்ட்டி, வெளியே மழையில் தூவினால் எல்லாம் கரைந்து சேறாகிவிடும். என் அம்மா வீட்டில் கதவடியில் ரப்பர் பட்டை அடித்து, சுவரோரம் அழுகின இலையை வாரிப் போட்ட பிறகுதான் குறைந்தது.

ஐசிபிங்கோ மருமகள்

சந்தையில் லேபிள் இல்லாத பொட்டலம் மலிவாகக் கிடைக்கிறது. அதை யாரும் சொல்லவில்லையே?

டோங்காட் பெரியவர்

வேண்டவே வேண்டாம் அம்மா. 2024 அக்டோபரில் சொவெட்டோவின் நலேடியில் ஆறு குழந்தைகள் இறந்தது டெர்புஃபோஸ் என்ற விவசாய மருந்தால். லேபிள் இல்லாத பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது என்று விற்கிறவருக்கே தெரியாது. டப்பாவில் 1947-ஆம் ஆண்டின் 36-ஆம் எண் சட்டப்படி பதிவு எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

போரிக்கும் விளையாட்டுப் பொருள் இல்லை. வெள்ளையாக மைதா மாதிரி இருக்கும், குழந்தை அள்ளித் தின்றால் ஆபத்து. சாஸ் பாட்டிலில் பெரிய எழுத்தில் விஷம் என்று எழுதி, சமையலறையிலிருந்து எடுத்துவிடுங்கள். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உடனே விஷ உதவி எண் 0861 555 777-க்கு அழையுங்கள்.

சாட்ஸ்வொர்த் அக்கா

பெரியவரே, சொன்னபடி செய்தேன். பழைய கோட்டையெல்லாம் ஈரத்துணியால் துடைத்தேன். சிங்க் குழாயில் வாஷர் தேய்ந்திருந்தது, மகன் மாற்றினான். இரண்டு நாள் காயவிட்டு, பேத்தியைத் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மாஸ்க் போட்டு ஊதினேன். பலகைக்கு அடியில் கழிவு மிளகுத்தூள் மாதிரி அப்பிக்கிடந்ததைப் பார்த்ததும் இடம் சரி என்று புரிந்தது.

கணக்கு வைக்க ஸ்டவ்வுக்குப் பக்கத்தில் ஒரு ஒட்டு அட்டை வைத்தேன். போடுவதற்கு முன் ஒரு ராத்திரியில் 31. ஒரு வாரம் கழித்து 27, மனசு விட்டுப்போயிற்று. மூன்றாவது வாரம் 9, அதில் பாதி பட்டப்பகலில் தள்ளாடி வந்தவை. நாலாவது வாரம் திடீரென்று குட்டிகள் மட்டும் 14.

டோங்காட் பெரியவர்

பயப்படாதீர்கள். முட்டைப் பையைப் பொடி ஒன்றும் செய்யாது. பொரித்து வருகிற குட்டி அதே தூசில் நடந்தாக வேண்டும். பொடி காய்ந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், மேலே மேலே போடாதீர்கள்.

பீனிக்ஸ் தம்பி

அண்ணா, கூடவே கரப்பான் தின்கிற விஷ ஜெல் வைத்தால் சீக்கிரம் முடியாதா? என் மாமா இரண்டையும் வைப்பார்.

டோங்காட் பெரியவர்

வைக்கலாம், ஆனால் பொடி ஜெல் மேல் படிந்தால் கரப்பான் ஜெல்லைத் தொடாது. நான் இரண்டையும் வேறு வேறு இடத்தில் வைப்பேன். என்னோடு வேலை செய்தவர்களில் பாதிப்பேர் ஒரே வீட்டில் இரண்டும் கூடாது என்பார்கள்.

சாட்ஸ்வொர்த் அக்கா

ஆறாவது வாரம்: அட்டையில் 2. இரண்டுமே பொதுச்சுவரில் குழாய் நுழைகிற பக்கத்தில். அந்த ஓட்டையைச் சிமெண்டால் அடைக்கப் பக்கத்து வீட்டில் கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.