அம்மா பகலில் தனியாக இருப்பார்: ரிமோட்டில் ஒரே பொத்தானில் யூடியூப் திறக்க வழி உண்டா?

மதுரைப் புதுவரவு
வணக்கம். நாங்கள் டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதிக்குக் குடிவந்து இரண்டு மாதம் ஆகிறது. அம்மா சென்ற வாரம்தான் ஊரிலிருந்து வந்தார். நாளை முதல் எனக்கும் மனைவிக்கும் 12 மணி நேர வேலை என்பதால், பகல் முழுவதும் அவர் தனியாக இருப்பார். தமிழ்ச் செய்தி பார்க்கத் தொலைக்காட்சியைப் போட்டால், கை தவறி ஒரு கட்டணச் செயலியின் பெயர் போட்ட பொத்தானை அழுத்திவிடுகிறார். கடவுச்சொல் கேட்கும் திரை வந்து நிற்கிறது, அதிலிருந்து வெளியே வர அவருக்குத் தெரியவில்லை. நேற்று மூன்று மணி நேரம் அந்தத் திரையின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். அந்தப் பொத்தானை மாற்றி, யூடியூப் திறக்கும்படி வைக்க முடியுமா? இன்று இரவுக்குள் செய்தாக வேண்டும்.

வடமராட்சி அக்கா
தம்பி, என் அம்மா இங்கு வந்த முதல் குளிர்காலத்தில் நாங்கள் ஒரு அறைக்குள் ஐந்து பேர் இருந்தோம். தொலைக்காட்சியே இல்லை, அவர் சன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அம்மாவைத் தனியாக விடாதீர்கள். பக்கத்துக் கோயிலில் முதியோர் கூடும் நாள் எது என்று விசாரித்துச் சேர்த்துவிடுங்கள். ரிமோட்டைப் பிறகு பார்க்கலாம்.

கடலூர்க்காரன்
அக்கா சொல்வது சரிதான், ஆனால் நாளைக் காலைக்கு அது உதவாது. கூகுள் ப்ளே அங்காடியில் Button Mapper என்ற செயலி இருக்கிறது. அதை நிறுவி, அணுகல்தன்மை அமைப்புகளில் அனுமதி கொடுத்து, மாற்ற வேண்டிய பொத்தானை ஒருமுறை அழுத்தினால் அதை அடையாளம் கண்டுகொள்ளும். பிறகு அதற்கு யூடியூபைத் தேர்ந்தெடுக்கலாம். என் வீட்டில் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

மதுரைப் புதுவரவு
அண்ணா, என் தொலைக்காட்சியின் அங்காடியில் அப்படி ஒன்றுமே வரவில்லை. எழுத்துப் பிழையோ என்று நான்கு முறை தேடிவிட்டேன்.

பிராம்ப்டன் பாலன்
தொலைக்காட்சியின் பின்னால் செருகும் குச்சி மாதிரியான ஃபயர் டிவி வாங்கிவிடுங்கள். அதன் ப்ரோ ரிமோட்டில் 1, 2 என்று இரண்டு பொத்தான்கள் இதற்கென்றே இருக்கின்றன. முதல்முறை அழுத்தும்போது எந்தச் செயலி வேண்டும் என்று திரையே கேட்கும். சாதாரண ரிமோட்டில் அந்த இரண்டும் இருக்காது, ஆகவே பார்த்து வாங்குங்கள். எப்படிப் பார்த்தாலும் தொலைக்காட்சியோடு வரும் ரிமோட்டில் எதையும் மாற்றவே முடியாது.

வடமராட்சி அக்கா
அந்தப் பெயர் போட்ட பொத்தான்களே எனக்குப் பிடிக்காது. செயலிக்காரர்கள் தொலைக்காட்சி நிறுவனங்களுக்குப் பணம் கொடுத்து இடம் பிடித்திருக்கிறார்கள். ஒலியைக் கூட்டும் பொத்தானுக்குப் பக்கத்திலேயே, வயதானவர்களின் விரல் தவறும் இடத்தில் வைக்கிறார்கள். நாம் பணம் கட்டி வாங்கிய கருவியில் நமக்கு வேண்டாத ஒன்றை எடுக்கக்கூட உரிமை இல்லை என்பது கொடுமை.

கடலூர்க்காரன்
உண்மை. என் பழைய ரிமோட்டில் இருந்த ஒரு பொத்தானுக்குரிய சேவையே இப்போது இல்லை. பொத்தான் மட்டும் இருக்கிறது.

நாகர்கோவில் ஆசிரியர்
எல்லோரும் ஆளுக்கொரு கருவியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். தம்பி, உங்கள் தொலைக்காட்சி எந்த நிறுவனத்தினுடையது? ரிமோட்டில் எண் பொத்தான்கள் இருக்கின்றனவா?

மதுரைப் புதுவரவு
மன்னிக்கவும், முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். எல்ஜி. பழைய பொருள் விற்பவரிடம் வாங்கியது. 0 முதல் 9 வரை எண்கள் இருக்கின்றன.

நாகர்கோவில் ஆசிரியர்
அப்படியானால் Button Mapper கிடைக்காததில் வியப்பில்லை. அது ஆண்ட்ராய்டு வகைத் தொலைக்காட்சிகளுக்கானது, எல்ஜியில் இருப்பது வெப்ஓஎஸ். பெயர் போட்ட பொத்தானை இதில் மாற்ற அமைப்புகளில் வழி இல்லை. பாலன் அந்த அளவுக்குச் சரி. ஆனால் எண் பொத்தான்களுக்கு நீங்கள் விரும்பும் செயலியைப் பதியலாம். எல்ஜியில் இதற்கு Quick Access என்று பெயர்.

செய்யும் முறை இது. முதலில் யூடியூபைத் திறந்து, அது திரையில் இருக்கும்போதே 1 என்ற எண்ணை விடாமல் அழுத்திப் பிடியுங்கள். பதிவு செய்யலாமா என்று ஒரு சிறு பெட்டி வரும். ஆம் என்று கொடுங்கள். பிறகு முகப்புத் திரைக்குத் திரும்பி, 1ஐ மீண்டும் அழுத்திப் பிடித்துச் சோதித்துப் பாருங்கள். எந்த எண்ணுக்கு எது பதிந்திருக்கிறது என்று பார்க்கவும் மாற்றவும் 0ஐ அழுத்திப் பிடித்தால் பட்டியல் வரும். பழைய உரிமையாளர் ஏதேனும் பதிந்து வைத்திருக்கலாம்; பெட்டி வராமல் வேறு எதுவோ திறந்தால் காரணம் அதுதான், பட்டியலில் போய் நீக்கிவிடுங்கள்.

அம்மாவுக்குச் சிக்கல் வரும் இடம் ஒன்றுதான்: சும்மா தட்டினால் வேலை செய்யாது. நேரலைத் தொலைக்காட்சியில் இருக்கும்போது தட்டினால் அலைவரிசை எண்ணாக எடுத்துக்கொள்ளும். என் மாமியாருக்கு, "முருகா முருகா என்று சொல்லி முடிக்கும் வரை விரலை எடுக்காதீர்கள்" என்று சொல்லிக்கொடுத்தேன். அன்றே பழகிவிட்டது.

பிராம்ப்டன் பாலன்
இப்படி ஒன்று இருப்பது எனக்குத் தெரியாது. அப்படியானால் எண்ணுக்கு ஒரு செயலி என்று நிறையப் போட்டுவிடுங்கள். நாட்டை இந்தியா என்று மாற்றினால் ஊரில் இருந்த எல்லாச் செயலிகளும் அங்காடியில் வரும் என்று கேள்விப்பட்டேன்.

நாகர்கோவில் ஆசிரியர்
நிறைய வேண்டாம், மூன்று போதும். வயதானவருக்கு மூன்று எண்களுக்கு மேல் மனத்தில் நிற்பது கடினம். 1 யூடியூப், தமிழ்ச் செய்தி அலைவரிசைகள் பலவும் அங்கேயே நேரலையாக வருகின்றன, கட்டணமும் இல்லை. 2 Live TV. சன்னலோரம் ஓர் ஆன்டெனா வைத்தால் டொராண்டோவில் சிபிசி, சிடிவி, ஆம்னி ஆகியவை இலவசமாகக் கிடைக்கும். பனிப்பொழிவுச் செய்தியை அம்மா படங்களைப் பார்த்தாவது புரிந்துகொள்வார். 3 எதற்கு என்பதை வீட்டுக்கு ஏற்ப முடிவு செய்யுங்கள். செயலி மட்டுமல்ல, HDMI இணைப்பையும் பதியலாம். கட்டணச் செயலியைப் பதிய நினைத்தால், கணக்கு அடிக்கடி வெளியேறிவிடாத ஒன்றாக இருக்க வேண்டும்; இல்லையென்றால் அதே கடவுச்சொல் திரை திரும்பவும் வரும்.

நாட்டை மாற்றும் யோசனையை இன்று இரவு செய்யாதீர்கள். LG Services Country என்ற அமைப்பு உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் அதை மாற்றினால் அங்காடியே மாறிவிடும், நிறுவிய செயலிகள் சில காணாமல் போகலாம்.

கடலூர்க்காரன்
நான் மாற்றினேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

வடமராட்சி அக்கா
அந்தத் தவறும் பொத்தானுக்கு ஒரு வழி சொல்கிறேன். காகிதம் ஒட்டினால் அதன் மேலேயே அழுந்தும். காலியான மாத்திரை அட்டையில் ஒரு குழியைக் கத்தரித்து, பொத்தானின் மேல் கவிழ்த்து, சுற்றிலும் டேப் போடுங்கள். விரல் பட்டாலும் உள்ளே அழுந்தாது. 1க்கு மேல் சிவப்பு நகச்சாயத்தில் ஒரு பொட்டு வையுங்கள், தடவினாலும் தெரியும்.

மதுரைப் புதுவரவு
செய்துவிட்டேன். 1இல் பழையவர் வேறு எதையோ பதிந்திருந்தார். ஆசிரியர் சொன்னபடி 0 பட்டியலில் நீக்கிய பிறகுதான் பெட்டி வந்தது. அம்மா தானாகவே மூன்று முறை திறந்து காட்டினார். மாத்திரைக் குழியும் ஒட்டியாகிவிட்டது. ஒரு சிக்கல் மீதி இருக்கிறது: யூடியூப் திறந்ததும் யார் பார்க்கிறீர்கள் என்று கேட்டு எங்கள் இருவர் கணக்கையும் காட்டுகிறது.

நாகர்கோவில் ஆசிரியர்
இன்றைக்கு மனைவியின் கணக்கை அந்தத் தொலைக்காட்சியிலிருந்து வெளியேற்றிவிடுங்கள். ஒன்று மட்டும் இருந்தும் கேட்டால், நடுப் பொத்தானை ஒருமுறை அழுத்தச் சொல்லிக்கொடுங்கள்.

வடமராட்சி அக்கா
முதியோர் கூடும் நாளையும் மறக்காமல் விசாரியுங்கள், தம்பி.