கடைக் கண்ணாடியில் விழுந்த என் பிம்பத்தை எப்படி நீக்குவது?

வணக்கம். கிருஷ்ணகிரி பழையபேட்டையில் கடிகாரம் பழுது பார்த்த பெரியவர் ஒருவரை, அவர் கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று படம் எடுத்திருந்தேன். இப்போது அவர் இல்லை. மகள் அந்தப் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கேட்கிறார். ஆனால் என் வெள்ளைச் சட்டையின் பிம்பம் அவர் தோள்மேல் விழுந்திருக்கிறது.

ஓரடி தள்ளி நின்று எடுத்த இன்னொரு படமும் உண்டு. கண்ணாடி பிம்பம் ஒளியைக் கூட்டத்தான் செய்யும், குறைக்காது. அதனால் கடை அலமாரியை வைத்து இரண்டையும் பொருத்தி, மேல் லேயரை ஜிம்ப்பில் `Darken only` ஆக்கினேன். பின்னணியில் இருந்த என் தலையும் தெருவெளிச்சமும் போய்விட்டன. இரண்டாவது படத்தில் அவர் திரும்பியிருப்பதால் முகம் இரட்டையாகத் தெரிந்தது. அங்கே மட்டும் மாஸ்க் போட்டு முதல் படத்தையே விட்டுவிட்டேன்.

சரி, மிச்சம் அந்தத் தோள்தான். இரண்டு படத்திலும் வெள்ளை அங்கே விழுகிறது. அவர் போட்டிருப்பது கட்டம் போட்ட சட்டை, குளோன் செய்தால் கோடுகள் முறிகின்றன. `Subtract` லேயரில் சாம்பல் நிறம் பூசிப் பார்த்தேன். நடுவில் கட்டங்கள் திரும்பி வருகின்றன, ஆனால் பிம்பத்தின் மங்கலான ஓரத்தில் கருப்பு விளிம்பு விழுகிறது. ரா ஃபைல் இருக்கிறது, தோளில் எந்த நிறமும் முழு வெள்ளையாக வெடிக்கவில்லை.

கழிப்பதை லீனியர் ஒளியில் செய்தால் அந்த விளிம்பு போகுமா? ஓரத்துக்கு மாஸ்க்கை எவ்வளவு மங்கலாக்குவது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். அந்த முகத்தை மட்டும் யாரும் தொட வேண்டாம், அது அப்படியே இருக்கட்டும்.