கலைச்சொல் தேவை: வாசிப்புப் பிரதியில் நிறுத்தமும் எடுப்பும் காட்டும் குறிகள்

வடகரப்பதி, சித்தூர் தாலுகா

அனைவருக்கும் வணக்கம். ஒலிபெருக்கியில் அறிவிப்பு வாசிக்கும் இளைஞர்களுக்கு எட்டுப் பக்கக் கையேடு ஒன்று தயாராகிறது. எங்கே நிறுத்த வேண்டும், எந்தச் சொல்லைத் தூக்கிச் சொல்ல வேண்டும் என்று பிரதியிலேயே பேனாவால் குறிப்பதை எல்லோரும் ‘மார்க்கிங்’ என்றுதான் சொல்கிறோம். இதற்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம்?

இங்கே பலர் மலையாள வழியில் படித்தவர்கள். தமிழ் அறிவிப்பையே மலையாள எழுத்தில் எழுதி வைத்து வாசிப்பார்கள். குறி இரண்டு எழுத்துக்கும் பொருந்த வேண்டும். மாதிரிக்கு ஒரு வரி, எங்களுக்கு வந்துசேரும் வடிவத்திலேயே:

மூலத்தரை வலதுகரைக் கால்வாயில் திங்கள் முதல் வியாழன் வரை தண்ணீர் வராது வெள்ளி காலை ஆறு மணிக்குத் திறப்பார்கள்

குப்பம்

ஐயா, புதுச்சொல் எதற்கு? நிறுத்தற்குறி என்று ஏற்கெனவே இருக்கிறதே. காற்புள்ளிக்கு ஒரு மாத்திரை, அரைப்புள்ளிக்கு இரண்டு, முக்காற்புள்ளிக்கு மூன்று, முற்றுப்புள்ளிக்கு நான்கு என்று வகுப்பில் சொல்லித்தருகிறோம். நீங்கள் கொடுத்த வரியில் ‘வராது’ என்பதற்குப் பின் முற்றுப்புள்ளி வைத்தால் சிக்கல் தீர்ந்தது. எடுத்துச் சொல்வதற்கு ‘அழுத்தக்குறி’ போதும். அழுத்தம் திருத்தமாகப் பேசு என்று ஊரே சொல்கிறது.

கொழிஞ்சாம்பாறை

டீச்சர் சொன்ன முற்றுப்புள்ளி அவசியம் வேண்டும். ஆனால் அது மட்டும் போதாது. நிறுத்தற்குறி, வாக்கியம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதைக் கண்ணுக்குக் காட்டுகிறது. குரல் நிற்க வேண்டிய பல இடங்களில் இலக்கணப்படி எந்தக் குறியும் வராது.

இந்த வரியையே பாருங்கள். ‘வராது’ வரை ஒன்பது சொற்கள். பழகாதவர் ஒரே மூச்சில் ஓட ஆரம்பித்து, ‘தண்ணீர்’ என்ற இடத்தில் மூச்சு தீர்ந்து நிற்பார். ‘திங்கள் முதல் வியாழன் வரை தண்ணீர்’ என்று காதில் விழுந்ததும் கேட்பவர் தண்ணீர் உண்டு என்று முடிவு செய்துவிடுவார். பிறகு வரும் ‘வராது’ அடுத்த வாக்கியத்தோடு ஒட்டிக்கொண்டு போய்விடும். நிற்காமல் ஓடிவிட்டாலும் ஆபத்து இருக்கிறது. தமிழில் உண்டா இல்லையா என்பது கடைசிச் சொல்லில்தான் தெரியும். மூச்சு குறைந்து குரல் தாழ்வதும் அங்கேதான். ‘வரும்’, ‘வராது’ இரண்டிலும் முதல் எழுத்து மட்டும் கேட்டால் யாருக்கு என்ன புரியும்?

ஆகவே நிறுத்தம் முன்பே வர வேண்டும், கடைசி இரண்டு சொல்லுக்குப் போதுமான காற்று மிஞ்சும்படி:

மூலத்தரை வலதுகரைக் கால்வாயில் | திங்கள் முதல் வியாழன் வரை | தண்ணீர் ^வராது || வெள்ளி காலை | ஆறு மணிக்குத் திறப்பார்கள் ||

ஒற்றைக் கோட்டுக்கு அரை விநாடி, இரட்டைக்கு ஒரு விநாடி. திறந்த வெளியில் ஹாரன் குழாய் என்றால் இரண்டையும் இரட்டிப்பாக்கலாம். 85 மீட்டர் தள்ளி ஒரு பெரிய சுவர் இருந்தால் எதிரொலி திரும்பி வர அரை விநாடி ஆகும். அரை விநாடி நிறுத்தத்தை அதுவே நிரப்பிவிடும்.

சாய்கோடு வேண்டாம். ‘காலை/மாலை’ என்று எழுதும் பழக்கத்தால் அதை ‘அல்லது’ என்று படித்துவிடுவார்கள். எடுத்துச் சொல்ல வேண்டிய சொல்லுக்கு அடிக்கோடும் சரிவராது. கு, மு போன்றவற்றின் கீழ்ச்சுழியை மறைத்துவிடும். மேல்கோடு போட்டால் புள்ளி மறையும். சொல்லுக்கு முன்னால் சிறு கூம்பு போட்டால் கண் முதலில் குறியைப் பார்க்கும், வாய் தயாராகும். மலையாள எழுத்திலும் அது அப்படியே நிற்கும். ஒரு மூச்சுக்கு ஒரு கூம்பு போதும். இரண்டு போட்டால் இரண்டுமே எடுபடாது.

இன்னொரு விதி தமிழுக்கே உரியது. வல்லொற்று மிகும் இடத்தில் கோடு விழக்கூடாது. ‘மணிக்குத் | திறப்பார்கள்’ என்று நிற்க வாய் ஒத்துழைக்காது. த் என்பது அடுத்த சொல்லோடு சேர்த்துச் சொல்வதற்கென்றே வந்த எழுத்து. அங்கே நின்றே ஆகவேண்டும் என்றால் ஒற்றை நீக்கி ‘மணிக்கு | திறப்பார்கள்’ என்று எழுதிக் கொடுங்கள். அச்சுக்குப் போகும் பிரதி வேறு, வாசிப்புப் பிரதி வேறு.

சொற்களுக்கு வருகிறேன். மொத்தத்துக்கும் குரற்குறி. கோட்டுக்கு மூச்சுக்கோடு. கூம்புக்கு எடுப்பு. ‘அழுத்தம்’ என்று பெயர் வைத்தால் பையன்கள் கத்துவார்கள். ஹாரனில் கத்தினால் ஒலி உடையும், அந்தச் சொல்தான் முதலில் புரியாமல் போகும். தேவைப்படுவது சற்று உயர்ந்த குரலும் மெதுவான உச்சரிப்பும். நன்னூல் எழுத்தியலில் எடுத்தல், படுத்தல், நலிதல் என்று வருகிறதே, அந்த எடுத்தல்தான்.

களியக்காவிளை

அண்ணா, இதற்கு முன்பே தரம் இருக்கிறதே. கணினிக் குரல் எப்படி வாசிக்க வேண்டும் என்று பிரதியில் குறிக்கும் SSML-ஐ, இணையத் தரங்களை வகுக்கும் W3C 2004-லேயே வெளியிட்டது. எங்கள் பேருந்து நிலைய அறிவிப்புக்கு இப்படித்தான் எழுதுகிறேன்:

```
தண்ணீர் <emphasis level="strong">வராது</emphasis>
<break time="1s"/>
```

`break` என்பதற்கும் `emphasis` என்பதற்கும் தமிழ்ச் சொல் கிடைத்தால் என் மெனுவில் சேர்த்துவிடுவேன். ஆனால் இயந்திரத்துக்கு மூச்சு ஏது? மூச்சுக்கோடு அங்கே பொருந்தாது. என் நிரலில் `break` வேலை செய்கிறது, `emphasis` போட்டாலும் போடாவிட்டாலும் ஒரே மாதிரிக் கேட்கிறது. ஏன்?

கொழிஞ்சாம்பாறை

தம்பி, கேள்வி மனிதர் வாசிப்பதைப் பற்றியது. ஆனாலும் உங்கள் அனுபவம் இங்கே உதவும். அந்தத் தர ஆவணமே, எடுப்பை எப்படி ஒலிப்பது என்பது மொழிக்கு மொழி, குரலுக்குக் குரல் மாறும் என்று சொல்லி, முடிவை ஒலிக்கும் நிரலிடம் விட்டுவிடுகிறது. சில குரல்கள் அதைக் கண்டுகொள்வதில்லை. `prosody` கொண்டு அந்தச் சொல்லின் `rate`, அதாவது வேகத்தை, குறைத்துப் பாருங்கள். அதற்கு முன்னால் ஒரு சின்ன `break` வைத்தாலும் சொல் தனித்துக் கேட்கும். நல்ல வாசிப்பாளரும் அதைத்தான் செய்கிறார்.

கல்பாத்தி, பாலக்காடு

இரண்டு ஆட்சேபம். எங்கள் ஊரில் ‘எடுப்பு’ என்றால் தாளத்தில் பாட்டு தொடங்கும் இடம். பாடுகிறவர்களிடம் இந்தக் கையேடு போனால் குழப்பம்தான். ‘ஊன்றிச் சொல்’ என்ற வழக்கு இருக்கிறதே, ‘ஊன்றுகுறி’ என்று வைக்கலாம்.

இரண்டாவது, எல்லாக் கோட்டிலும் மூச்சு எடுக்கக்கூடாது. மூச்சுக்கோடு என்று பெயர் வைத்தால் அரை விநாடிக் கோட்டிலும் உறிஞ்சி இழுப்பார்கள், மைக்கில் அது ‘ஸ்ஸ்’ என்று பெரிதாகக் கேட்கும். ஒற்றைக் கோட்டில் காற்றைப் பிடித்து நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

கொழிஞ்சாம்பாறை

இரண்டாவது ஆட்சேபம் நியாயம்தான். மூச்சுக்கோடு இரட்டைக்கு மட்டும் இருக்கட்டும். ஒற்றைக்கு ‘நில்கோடு’. களியக்காவிளைத் தம்பிக்கும் அது ஒத்துவரும். எடுப்பை விட மனமில்லை. ஊன்று என்றாலும் கைத்தடிபோல் அமுக்கத்தானே தோன்றும்?

குப்பம்

நில்கோடு சரி. வினைத்தொகை என்பதால் கொல்களிறு போல் லகரம் திரியாது, நிற்கோடு என்று யாரும் திருத்த வேண்டாம். குரல் பெயர்ச்சொல், அதனால் குரற்குறி. காற்புள்ளி பற்றி நான் சொன்னதை வாய்விட்டுப் படிக்கும் பாடத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். ஆனால் அழுத்தக்குறியை இன்னும் கைவிடவில்லை. பிள்ளைகளுக்குச் சட்டென்று விளங்குவது அதுதான்.

வடகரப்பதி

எல்லோருக்கும் நன்றி. குரற்குறி, நில்கோடு, மூச்சுக்கோடு மூன்றையும் கையேட்டில் சேர்க்கிறேன். வாசிப்பவரைப் பத்தடி தள்ளி நிறுத்தி, பிரதியைப் பார்க்காத ஒருவரிடம் ‘எந்தெந்த நாள் தண்ணீர் இல்லை?’ என்று கேட்கும் பயிற்சியும் வரும். தவறான பதில் வந்தால் முதலில் கோட்டை நகர்த்திப் பார்க்க வேண்டும், குரலை உயர்த்துவது அதற்குப் பிறகுதான். கூம்புக்கு எடுப்பா, ஊன்றுகுறியா, அழுத்தக்குறியா என்பது முடிவாகாததால் முதல் அச்சில் ‘கூம்பு’ என்றே விடுகிறேன். ‘இன்றுதான்’ என்பதுபோல் தான், ஏ, உம் ஒட்டிய சொல்லில் கூம்பை இன்றுக்கு முன்னால் போடுவதா, தானுக்கு முன்னால் போடுவதா என்று யாராவது சொன்னால் அதையும் சேர்த்துவிடலாம்.