புதுப்பிப்பு: முறுக்கு வீடியோ பூஸ்ட்டை நிறுத்திவிட்டேன்

போன வாரம் நான் கேட்டது: “நாளுக்கு 300 ரூபாய் போட்டு ரீல்ஸை பூஸ்ட் செய்கிறேன். எப்போது நிறுத்துவது?”

கணக்கை லாபத்திலிருந்து தொடங்கச் சொன்ன அண்ணனுக்கு நன்றி. ஒரு ஆர்டரில் எனக்கு நிற்பது 160 ரூபாய். விசாரிப்பவர்களில் நாலில் ஒருவர்தான் வாங்குகிறார். ஆக, ஒரு விசாரணைக்கு 40 ரூபாய்க்கு மேல் போனால் கைநஷ்டம்.

ஜிஎஸ்டி சேர்த்து நாளுக்கு 354 ரூபாய். முதல் மூன்று நாள் தினமும் 16 பேர் வாட்ஸ்அப்பில் வந்தார்கள். தலைக்கு 22 ரூபாய். ஐந்தாம் நாள் 8 பேர், ஆறாம் நாள் 7 பேர். 50 ரூபாயைத் தொட்டதும் நிறுத்தினேன்.

“வியூஸ் குறைந்தால் நிறுத்துங்க” என்ற தம்பி சொன்னது பாதி சரி. வியூஸ் குறையவே இல்லை! விளம்பரம் போகும் எல்லையை ஊரைச் சுற்றி 8 கிலோமீட்டர்தான் வைத்திருந்தேன். பார்த்தவர்களுக்கே திரும்பத் திரும்பப் போயிருக்கிறது. எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற ரீச் அசையவில்லை, எத்தனை தடவை காட்டியது என்ற இம்ப்ரெஷன் மட்டும் ஏறியது.

புடவைக்கடை அக்கா, பூஸ்ட் பலன் தருகிறதா என்று முடிவு செய்ய உங்களுக்கு ஒரு வாரம் போதாது என்றே நினைக்கிறேன். விசாரித்தவர் பத்து நாள் கழித்தும் வாங்குவாரே. அந்தக் கணக்கு எனக்குப் பிடிபடவில்லை.

அடுத்து தட்டை வீடியோ. எல்லையை 15 கிலோமீட்டராக்கப் போகிறேன், டெலிவரிதான் இடிக்கிறது.