‘CPU Fan Error’: விசிறிப் பழுதா, துடிப்பின்மையா?

திருப்பூரிலிருந்து

குழுவினருக்கு வணக்கம். கணினி தொடங்கும்போது கருந்திரையில் நின்றுவிடும்

```
CPU Fan Error!
Press F1 to Run SETUP
```

என்ற செய்திக்கு நம் கலைச்சொற் பட்டியலில் ‘செயலி விசிறிப் பழுது’ என்றிருக்கிறது. அதை மாற்றவேண்டும் என்று கருதுகிறேன். இங்கே ஒரு பனியன் கம்பெனியின் கணக்கறைக் கணினியில் அடைத்திருந்த பஞ்சுத் தூசியை எடுத்துவிட்டு மூடியதும் இச்செய்தி வந்தது. விசிறியோ நன்றாகவே சுழன்றது. பார்க்க வந்தவர், “பேன் சுத்துதுங்க, போர்டுக்குத்தான் தெரியலீங்க” என்றார். அந்தத் தெரியாமையைச் சொல்லும் சொல் வேண்டும்.

கோபியிலிருந்து

‘விசிறிப் பிழை’ போதுமே, ஐயா. F1 அழுத்தி, அமைவுப் பக்கத்திலிருந்து வெளியேறினால் கணினி இயங்கத்தான் செய்கிறது. சூடேறினால் செயலி தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

கோவையிலிருந்து

கோபி அன்பர் சொல்வதில் பாதி சரி. பல செயலிகள் ஏறத்தாழ 100 பாகையில் வேகத்தைக் குறைக்கும், அதற்கும் மேல் போனால் அணைந்துவிடும். ஆனால் அது கடைசிக் காவல். விசிறி உண்மையிலேயே நின்றிருந்தால் F1 அழுத்தித் தொடரக் கூடாது.

விசிறி ஒரு சுற்றுக்கு இரண்டு மின்துடிப்புகளை, செயலி விசிறிக்கான CPU_FAN இணைப்பின் மூன்றாவது ‘பின்’ வழியாகத் தாய்ப்பலகைக்கு அனுப்புகிறது. பலகை எண்ணுவது அவற்றைத்தான். எனவே ‘துடிப்பின்மை’ என்பேன். திருப்பூர்க் கணினியில் அதே விசிறியைக் கணினிப் பெட்டியின் விசிறிக்கான CHA_FAN இணைப்பில் செருகிப் பாருங்கள். அங்கே வேகம் காட்டினால் விசிறியின் உணர்கம்பி நலமாயிருக்கிறது, கோளாறு CPU_FAN பக்கம்.

ஈரோட்டிலிருந்து

என் கணினியில் பெரிய விசிறி நிமிடத்துக்கு 500 சுற்றில் மெல்ல ஓடும். எச்சரிக்கை எல்லை 600. எல்லையை 200 ஆக்கியதும் செய்தி போய்விட்டது. இங்கே துடிப்பு இருக்கிறதே, ‘துடிப்பின்மை’ எப்படிப் பொருந்தும்?

திருப்பூரிலிருந்து

CHA_FAN இணைப்பில் 1,400 சுற்று காட்டியது. CPU_FAN இணைப்பில் வேறொரு விசிறியைச் செருகியும் N/A என்றே நின்றது. மூன்றாவது பின் வளையவில்லை. அதன் பின்னால் எது அறுந்ததென்று தெரியவில்லை. இப்போதைக்கு விசிறி CHA_FAN இணைப்பிலேயே இருக்கட்டும் என்று விட்டு, CPU_FAN கண்காணிப்பை Ignore ஆக்கியிருக்கிறோம்.

கோவையிலிருந்து

அப்படியானால் CHA_FAN விசிறியை முழு வேகத்தில் வையுங்கள். சில பலகைகளில் அந்த இணைப்பு செயலியின் வெப்பத்தைப் பார்க்காமல் பலகையின் வெப்பத்தைப் பார்த்தே வேகத்தைக் கூட்டும். Ignore ஆக்கியபின் விசிறி மெய்யாகவே நின்றாலும் தொடக்கத்தில் யாரும் சொல்லமாட்டார்கள். பஞ்சு பறக்கும் இடத்தில் மூடியைத் திறந்து பார்ப்பதை வழக்கமாக்கவேண்டும்.

ஈரோட்டு அன்பரின் தடை சரியானது. ‘சுழல்துடிப்புக் குறை’ என்றால் இன்மையும் குறைவும் இரண்டும் அடங்கும்.

திருப்பூரிலிருந்து

ஏற்கிறேன். CPU_FAN, CHA_FAN போன்ற இணைப்புகளைக் குறிக்கும் ‘ஹெட’ருக்கு ‘முள்தலை’ என்று எழுதிப் பார்த்தேன். கடைக்காரர் முள்கரண்டியா என்று கேட்டார். அதற்கு வேறு சொல் தாருங்கள்.