இலவச ரெஸ்யூம் டெம்ப்ளேட்டில் மாட்டிக்கொண்டவர்கள் உண்டா?

திருச்சி டிப்ளமோ: போன மாதம் ஒரு இலவச வேர்டு டெம்ப்ளேட்டை இறக்கினேன். இடது பக்கம் கருநீலப் பட்டை, அதில் வட்டமாகப் போட்டோ, கீழே போன் நம்பர். பார்க்க அம்சமாக இருந்தது. வேலைவாய்ப்புத் தளத்தில் ஏற்றினால் அதுவே படிவத்தை நிரப்பிவிடுமாம். நிரப்பியது: பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ‘திறன்கள்’, போன் நம்பர் காலி! நான் கவனிக்காமல் அனுப்பிவிட்டேன். போதாக்குறைக்குக் கடைசியில் பொடி எழுத்தில் ‘லோரெம் இப்சம்’ என்ற அர்த்தமில்லாத மாதிரி வரி அப்படியே கிடந்தது. நண்பன் சொல்லித்தான் தெரியும்.

பழைய பென்சில்: பக்கத்தில் அருகருகே இரண்டு பத்தி இருந்தாலே கம்ப்யூட்டர் தூக்கிப் போட்டுவிடும். பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள், சரியாகிவிடும்.

ஆள் எடுப்பவள்: பென்சில் சார், பாதி சரி. அது தூக்கிப் போடுவதில்லை, வரிசை மாறிப் படிக்கிறது. அந்தப் பட்டை பெரும்பாலும் டெக்ஸ்ட் பாக்ஸ். சில மென்பொருள்கள் அதற்குள் இருப்பதையும், பக்கத்தின் ஹெடரில் இருப்பதையும் கண்டுகொள்வதே இல்லை. பிடிஎஃப் ஆக்கினாலும் வரிசை குழம்பலாம். படமாகச் சேமித்த பிடிஎஃப் என்றால் எடுத்துப் படிக்க எழுத்தே இருக்காது.

தம்பி, ஃபைலைத் திறந்து Ctrl+A, Ctrl+C கொடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். அங்கே எது விடுபடுகிறதோ, இடம் மாறுகிறதோ, அங்கேதான் சந்தேகப்படவேண்டும்.

வளாகத் தேர்வுக்குப் போனால் ஒரே கருநீலப் பட்டை வரிசையாக வரும். “சவாலான சூழலில் பணியாற்றி நிறுவனத்துடன் வளர” என்ற வாக்கியமும் கூடவே வரும், எழுத்துப் பிழையோடு. ஒருவர் எக்ஸெலுக்கு ஐந்தில் நான்கு நட்சத்திரம் போட்டிருந்தார். எதில் நான்கு என்று கேட்டேன். டெம்ப்ளேட்டில் அப்படித்தான் இருந்தது என்றார், பாவம்.

மதுரை அம்மா: என் மகளுக்கும் இப்படி ஒன்று இறக்கினேன். ராசி, நட்சத்திரம் போடக் கட்டமே இல்லை. எங்கே சேர்ப்பது?

பழைய பென்சில்: அம்மா, இது வேலைக்கு!

லேத் பட்டறை: எங்கள் பக்கம் பிரிண்ட் எடுத்துக் கையில்தான் கொடுக்கிறோம். பட்டை இருந்தால் என்ன? என் தொல்லை வேறு. மூன்று வேலைக்குத்தான் அதில் கட்டம். நான் பார்த்தது ஐந்து. நான்காவதைச் சேர்த்ததும் படிப்பு முழுக்க அடுத்த பக்கம் ஓடி, அங்கே பட்டை மட்டும் வெறுமையாக நின்றது. கடைசியில் இரண்டு வேலையை வெட்டிவிட்டேன். அதில் ஒன்று சிஎன்சி மெஷின் ஓட்டிய இடம். நேர்காணலில் சிஎன்சி தெரியுமா என்றுதான் கேட்டார்கள்.

ஆள் எடுப்பவள்: கையில் கொடுப்பதற்குப் பட்டை தடையில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சிஎன்சியை வெட்டியது கொடுமை அண்ணா.

திருச்சி டிப்ளமோ: நோட்பேடில் ஒட்டினேன் அக்கா. போன் நம்பர் வரவே இல்லை, ஹெடரில் இருந்திருக்கிறது. இப்போது வெள்ளைத் தாளில் மேலே பெயர், அடுத்த வரியில் நம்பர். போட்டோ வைக்கலாமா, வேண்டாமா?

பழைய பென்சில்: வையுங்கள்.

ஆள் எடுப்பவள்: வேண்டாம்.